ஸ்கூட்டரைத் துரத்தும் தெருநாய்: முறுக்குவதா, நிறுத்துவதா?

"நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ஸ்கூட்டர்ல வரும்போது தெருமுனையில நாலஞ்சு நாய் துரத்துது. வேகமா முறுக்கிட்டுப் போயிடலாமா, இல்ல நிறுத்தணுமா?"

வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நிறுத்துங்கள். "நாய்க்கு முன்னால் நிற்கச் சொல்றீங்களே" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் ஆளை அதிகம் காயப்படுத்துவது கடியை விட, வண்டியிலிருந்து விழுவதுதான்.

நாய் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் ஓடிவரும். நாம் அதையே பார்ப்போம். பார்க்கிற பக்கம் ஹேண்டில் தானாகத் திரும்பும். கடிக்குமோ என்று காலைத் தூக்கினால், உதைக்கப் போனால், பேலன்ஸ் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்பீடு பிரேக்கரோ மணலோ வந்தால் கதை முடிந்தது.

முனையில் படுத்திருக்கும் நாய்கள் தலையைத் தூக்குவது தெரிந்ததுமே ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். முன்பிரேக்கை மட்டும் பிடிக்காமல் இரண்டையும் மெதுவாக அழுத்தி, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். கால்கள் ஃபுட்போர்டிலும் கண் சாலையிலும் இருக்கட்டும். ஹாரன் வேண்டாம், அது இன்னும் உசுப்பேற்றும்.

அப்படியும் விடாமல் வந்தால், நாய் இல்லாத பக்கம் காலை ஊன்றி நில்லுங்கள். ஓடுகிற பொருள் நின்றுவிட்டால் பெரும்பாலான நாய்களுக்குத் துரத்துகிற வேகம் அடங்கிவிடும். நாலடி தள்ளி நின்று குரைக்கும். கண்ணோடு கண் பார்க்காமல், கத்தாமல், கனத்த குரலில் "போ" என்றால் போதும். குரைப்பு தணிந்ததும் உருட்டுகிற வேகத்தில் கிளம்புங்கள். இங்கேதான் பலர் சட்டென்று முறுக்குவார்கள், நாய்களும் மறுபடி கிளம்பும். அதன் எல்லை தாண்டும்வரை, அதாவது அந்தத் தெரு முடியும்வரை, அதே வேகத்தில் போங்கள்.

சைக்கிள் என்றால் இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து, முதுகு காட்டாமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

குட்டி போட்ட நாய் என்றால், நாம் பக்கத்தில் நின்றாலும் அடங்காது. நிற்காமல் மெதுவாக விலகுங்கள். தள்ளாடி நடந்து, எச்சில் ஒழுக, கண்டதையெல்லாம் கடிக்கிற நாயாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. தூரத்திலேயே வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

கோழிக்கடைக் கழிவை ராத்திரி தெருமுனையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. அங்கே நாய்கள் கூட்டம் சேர்ந்து அதை எல்லையாக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

பல் பட்டுவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.