உருவப்படத்தைப் பேனராக விரிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2000க்கு 3000 பிக்சல் அளவுள்ள உருவப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் 3:1 பேனராக நீட்டினேன். முகம் தெளிவாக இருக்கிறது, இருபுறமும் மங்கிக் கிடக்கின்றன. ஏன்?

உயரம் 3000 அப்படியே இருந்தால் அகலம் 9000 ஆக வேண்டும். அதாவது பேனரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கற்பனையாக உருவாக்கப்பட்டது. பல கருவிகள் ஒரு தடவையில் ஏறத்தாழ 1000 பிக்சல் அளவுக்கே உண்மையான நுணுக்கத்தோடு வரைகின்றன. அதற்கு மேல் கேட்டால் சிறிதாக வரைந்து பெரிதாக்கி ஒட்டிவிடுவதால்தான் இந்த மங்கல். எனவே நீட்டுவதற்கு முன் க்ராப் செய்யுங்கள். தலையும் தோளும் அடங்கும் வகையில் உயரத்தை 1200 ஆக வெட்டினால் பேனரின் அகலம் 3600 போதும்; புதிதாக நிரப்ப வேண்டியது 1600 மட்டுமே. அதையும் நானூறு ஐந்நூறு பிக்சலாகப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் முந்தைய பகுதியில் கணிசமான அளவு கருவியின் பார்வைக்குள் வருமாறு நகர்த்துங்கள். பேனரில் எழுத்து வரப்போகிறது என்றால் ஒரு பக்கம் மட்டும் நீட்டினாலே போதும்.

நீட்டிய பகுதியில் இன்னொரு பெண் வந்து நிற்கிறாள். என்ன தவறு?

ப்ராம்ப்ட்டில் "சிரிக்கும் பெண்" என்று எழுதியிருக்கிறீர்கள், கருவி வரைந்துவிட்டது. புதிய பகுதியில் என்ன வேண்டுமோ அதை மட்டும் எழுதுங்கள்: மங்கிய சாம்பல் சுவர், இடப்புறமிருந்து மென்மையான ஒளி.

என் படம் சரியாக வரவில்லை. என்ன செய்வது?

படத்தின் அளவு, எந்தப் பக்கம் நீட்டினீர்கள், எது சரியாக வரவில்லை என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாதவருக்கு என்னால் பதில் சொல்ல இயலாது.

ஓரங்களை மட்டும்தான் நீட்டினேன். ஆனால் முகமே சற்று மாறியதுபோல் வீட்டில் சொல்கிறார்கள். அது பிரமையா?

பிரமை இல்லை. நான் திரும்பத் திரும்ப எழுதி வரும் விஷயம் இதுவே. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் பிக்சல்களின் மீது நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு வடிவத்துக்கு மாற்றி, அங்கே வரைந்துவிட்டு, மறுபடியும் முழுப் படமாக விரிக்கின்றன. இந்தப் போக்குவரத்தில் நீங்கள் மாஸ்க் போடாத பகுதியும் மறுபிறவி எடுக்கிறது. சுவரில் அது தெரியாது. இமை மயிர், பல்வரிசை, கண்ணின் ஒளிப்புள்ளி, சட்டையில் உள்ள சிற்றெழுத்து ஆகியவற்றில் தெரியும். நான்கு தடவை நீட்டினால் நான்கு தடவையும் அந்த மாற்றம் சேரும். சில கருவிகள் அசலைத் தாமாகவே மேலே ஒட்டித் தருகின்றன, சில தருவதில்லை. எது எப்படி என்று பாராமல் ஒருவரது முகத்தை மாற்றிக் கொடுப்பது பொறுப்பற்ற வேலை.

சோதிப்பது எளிது. அசலை நீட்டிய படத்தின் மேல் தனி லேயராகச் சரியான இடத்தில் பொருத்தி, பிளெண்டிங் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். அசல் இருக்கும் பகுதி முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும்; கண்ணும் உதடும் கோட்டோவியம்போல் மின்னினால் முகம் மாறியிருக்கிறது. மோடைப் பழையபடி நார்மலுக்குக் கொண்டுவந்து, அசல் லேயரின் ஓரத்தை மட்டும் மாஸ்க்கால் இருபது முப்பது பிக்சல் ஃபெதர் செய்துவிட்டால் அசல் முகம் திரும்பிவிடும். அந்த ஃபெதர் பின்னணியில் விழ வேண்டும். கன்னத்திலோ தலைமுடியிலோ விழக் கூடாது. அசலைத் தனி லேயராக வையுங்கள், எப்போதும்.

படத்தின் இடது ஓரத்தில் முழங்கை வெட்டுப்பட்டிருக்கிறது. நீட்டினால் விரல்கள் கோணலாக வருகின்றன.

இல்லாத கையைக் கருவி ஊகித்துத்தான் வரைகிறது. வெட்டுப்பட்ட அந்த ஓரத்தையே பேனரின் இடது எல்லையாக வைத்துக்கொண்டு, வலப்பக்கம் மட்டும் நீட்டுங்கள். இரு கைகளும் வெட்டுப்பட்டிருந்தால் கை தெரியாத அளவுக்கு நெருக்கமாக க்ராப் செய்யுங்கள்.

நிறம் ஒத்துப்போகிறது, ஆனாலும் இணைப்புக் கோடு தெரிகிறதே?

பெரும்பாலும் அது நிறத்தின் கோளாறு அல்ல, கிரெய்னின் கோளாறு. கேமரா எடுத்த பகுதியில் நுண்ணிய இரைச்சல் இருக்கும். கருவி வரைந்த பகுதி வழுவழுப்பாக இருக்கும். 100 சதவீத அளவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதிய பகுதிக்கு மட்டும் அதே அளவு நாய்ஸ் சேருங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயரை வைத்துக் கான்ட்ராஸ்ட்டைச் செங்குத்தாக ஏற்றிப் பாருங்கள். சாதாரணப் பார்வைக்குத் தப்பிய கோடு அப்போது பளிச்சென்று தெரியும். சரிசெய்த பின் அந்த லேயரை நீக்கிவிடுங்கள்.

செய்திக்காக எடுத்த படத்தையும் இப்படி நீட்டலாமா?

கூடாது. அந்த இடத்தில் இல்லாத ஒன்றை இருந்ததாகக் காட்டுவது அது.