பள்ளிக் குரோம்புக்கில் ஸ்கிரீன்ஷாட் தடை: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவளுடைய குரோம்புக்கில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனால், நிர்வாகி தடுத்திருப்பதாகச் சொல்கிறது. அறிவியல் அறிக்கையில் திரையில் வரும் வரைபடங்களை ஒட்ட வேண்டும். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய கருவிதானே, நாங்களே மாற்றிக்கொள்ள முடியாதா? இல்லையென்றால் யாரிடம் கேட்பது?

பதில்: நீங்களே மாற்ற முடியாது. இந்தத் தடை பெரும்பாலும் கருவியில் இல்லை, மகளின் பள்ளிக் கணக்கில் இருக்கிறது. அதே கணக்கில் வேறு குரோம்புக்கில் நுழைந்தாலும் அது கூடவே வரும். கருவியைத் துடைத்துப் புதிதாக்கும் பவர்வாஷ் செய்து பார்க்கவும் வேண்டாம். பள்ளியில் பதிவான குரோம்புக், எல்லாவற்றையும் அழித்த பிறகும் வழக்கமாகப் பள்ளியின் நிர்வாகத்தில்தான் மறுபடி வந்து சேரும். சேமித்த கோப்புகள் போவதுதான் மிச்சம்.

கேட்பதற்கு முன், எந்தத் தடை என்று பார்த்துவிடுங்கள். முகவரிப் பட்டையில் இதைத் தட்டுங்கள்:

```
chrome://policy
```

வரும் பக்கத்தின் தேடல் பெட்டியில் DisableScreenshots என்று எழுதுங்கள். அதன் மதிப்பு true என்றிருந்தால், கணக்கு முழுவதற்கும் தடை. இதே அமைப்பு திரைப்பதிவையும் நிறுத்திவிடும். தேர்வுக் கேள்விகள் வெளியே போகாமலும், இணைய வகுப்பில் சக மாணவர்களின் முகங்களை யாரும் படம் பிடிக்காமலும் இருக்கப் பள்ளிகள் இப்படி வைப்பதுண்டு.

அந்த வரியே இல்லை, அல்லது false என்றிருக்கிறது, ஆனாலும் படம் எடுக்க முடியவில்லை என்றால் காரணம் வேறு. கூகுள் ஃபார்ம்ஸில் பூட்டிய வினாடி வினா திறந்திருந்தால், விடைகளை அனுப்பும் வரை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. அதை மாற்றச் சொல்லிக் கேட்கவே கூடாது. குறிப்பிட்ட ஓர் இணையதளம் திறந்திருக்கும்போது மட்டும் தடுக்கிறது என்றால், அந்தத் தளத்துக்கென்று பள்ளி தனி விதி வைத்திருக்கலாம். படம் சேமிக்கப்பட்டு உள்ளே வெறும் கறுப்பாக இருந்தால், அந்தக் காணொளியே காப்புரிமைக்காகப் பூட்டப்பட்டது. அதில் பள்ளி நிர்வாகி செய்ய ஒன்றுமில்லை. சில பள்ளிகள் chrome://policy பக்கத்தையே மூடியிருக்கும். அப்போது திரையில் வந்த செய்தியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இனி யாரிடம் கேட்பது? நேராகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போவதைவிடப் பாட ஆசிரியரிடம் போவதே நல்லது. கூகுள் நிர்வாகப் பக்கத்தில் இந்த அமைப்பு, மாணவர்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிரிவுக்கு மொத்தமாகப் போடப்படுவது. ஒரு மாணவிக்காக மட்டும் திறப்பதென்றால், நிர்வாகி வழக்கமாகத் தனியாக ஓர் உட்பிரிவு உண்டாக்கி அவளை அங்கே மாற்ற வேண்டியிருக்கும். பிறகு மறக்காமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலைக்குப் பெற்றோரின் கோரிக்கை மட்டும் பெரும்பாலும் போதாது. "இந்தப் பாடத்துக்கு இது தேவை" என்று ஆசிரியர் சொன்னால் நிலைமை வேறு. அறிக்கை வகுப்புக்கே உரியது என்பதால், வகுப்பு முழுவதற்குமாக அவரே கேட்கவும் கூடும்.

கடிதத்தில் பாடம், அளவு, முடியும் நாள் மூன்றும் இருக்கட்டும். "ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்துவிடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் மறுப்பதுதான் நிர்வாகிக்கு எளிது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும்:

"மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, அறிவியல் அறிக்கைக்காக என் மகள் ஆய்வகச் சோதனையைத் திரையில் செய்து காட்டும் இணையப் பக்கத்திலிருந்து 4 வரைபடங்களை எடுக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய பள்ளிக் கணக்கில் DisableScreenshots என்பது true என்று காட்டுகிறது. அறிக்கை தரவேண்டிய வெள்ளிக்கிழமை வரை மட்டும் இதைத் திறக்க நிர்வாகியிடம் பரிந்துரைப்பீர்களா? இயலாவிட்டால், படங்களை வேறு எந்த வடிவில் தரலாம் என்று சொல்லுங்கள்."

மகளின் பெயர், வகுப்பு, பள்ளி மின்னஞ்சல் ஆகியவற்றைக் கீழே சேருங்கள். கடவுச்சொல்லை எழுத வேண்டாம். எந்த நிர்வாகிக்கும் அது தேவைப்படாது.

பதில் வரும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. எண்களைக் கூகுள் ஷீட்ஸில் இட்டு வரைபடம் போட்டால், அதன் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி PNG படமாக இறக்கிக்கொள்ளலாம். பக்கம் முழுவதும் வேண்டுமென்றால் Ctrl + P அழுத்தி, பிடிஎஃப் ஆகச் சேமிக்கலாம். அச்சிடுவதைப் பள்ளி தடுக்காதவரை இது வேலை செய்யும். கைபேசியில் திரையைப் படமெடுப்பதானால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யட்டும். தடையைச் சுற்றிப் போனதாக அவள்மேல் பேச்சு வரக்கூடாது.

அனுமதி கிடைத்ததாகச் சொன்ன பிறகும் படம் எடுக்க முடியாமல் போகலாம். மாற்றம் கருவிக்கு வந்து சேர 24 மணி நேரம் வரைகூட ஆகும். chrome://policy பக்கத்தில் Reload policies பொத்தானை அழுத்துங்கள், கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். true என்பது மாறியிருந்தால், Ctrl விசையையும், மேல் வரிசையில் செவ்வகமும் பக்கத்தில் இரண்டு கோடுகளும் போட்ட விசையையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். படம் வழக்கமாக Downloads கோப்புறையில் இருக்கும். மறுநாளும் true என்றே காட்டினால், அந்தப் பக்கத்தில் பார்த்ததையும் பார்த்த நேரத்தையும் எழுதி அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். அவளைப் புதிய பிரிவுக்கு மாற்ற விட்டுப்போனதா என்று நிர்வாகி பார்க்க அது உதவும்.