குடவோலையும் ஒரு கேள்விக்குறியும்

அன்புள்ள ஐயா,
ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். வரிவரியாக எளிய தமிழில் எழுதிவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்க வேண்டும் என்கிறார் என் நெறியாளர். தமிழிலேயே இருப்பதைத் தமிழில் திருப்பி எழுதுவது நேர விரயம் இல்லையா?
ம.

அன்புள்ள ம.,

தமிழிலேயே இருப்பதால்தான் ஆபத்து. தெரிந்த சொல் மாதிரி இருந்தால் கண் நிற்காமல் ஓடிவிடும். 'காணிலத்துக்கு மேல் இறைநிலம் உடையான்' என்பதை நான் முதலில் படித்தபோது, அதைக் காணி நிலம் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். அது கா நிலம், அதாவது வேலி என்ற நில அளவில் கால் பங்கு. இறைநிலம் என்றால் வரி கட்டுகிற நிலம், கோயில் நிலம் இல்லை. 'கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வைத்திருப்பவன்' என்று ஒரு வரி எழுதிப் பார்த்திருந்தால் அந்த இரண்டு பக்கத்தையும் எழுதியிருக்கவே மாட்டேன்.

வரிவரியாக என்றால் கல்லில் உள்ள வரி இல்லை, அது சொல்லின் நடுவிலேயே ஒடிந்து அடுத்ததற்குப் போகும். ஒரு நிபந்தனை எங்கே முடிகிறதோ அங்கே வெட்டுங்கள். 'மூவாட்டின் இப்புறம் வாரியம் செய்திலாதார்' ஒரு துண்டு. அவசரத்தில் மூன்றாண்டு வாரியத்தில் இருந்தவர் என்று படித்துவிடுவோம், ஆனால் எழுதும்போது 'இப்புறம்', 'இலாதார்' இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இல்லாதவர். தலைகீழ்! 'அர்த்த சௌசம்' போன்ற இடத்தில் பொருளில் தூய்மை என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். நேர்வழியில் சம்பாதித்தவனா, பிறர் பணத்தில் கை வைக்காதவனா என்பதை இந்தக் கட்டத்தில் முடிவு செய்யாதீர்கள், இரண்டையும் எழுதி வையுங்கள். எளிமையாக்கும்போது செய்கிற பெரிய தப்பே, குழப்பமான இடத்தை வழவழவென்று ஆக்கிவிடுவதுதான்.

அப்புறம், தேர்தல், வேட்பாளர், ஜனநாயகம் என்ற சொற்களுக்கு இந்தத் தாளில் இடம் கிடையாது. அவை ஆய்வுக்கு உரியவை, கல்லில் இல்லாதவை. அவை இல்லாமல் எழுதினால் என்ன வருகிறது? குடும்பு என்ற ஊர்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் கூடித் தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதுகிறார்கள், கட்டிக் குடத்தில் இடுகிறார்கள், எதுவும் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து எடுக்கிறான். சரி, ஓட்டுகளை யார் எண்ணியது? யாரும் எண்ணவில்லை, அது சீட்டுக் குலுக்கல். தகுதியோ, கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும். முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ் என்ற வயதை மட்டும் எடுத்துப் பேசுபவர்கள் மற்றதைத் துண்டு துண்டாக எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழுதிய தாளை, கல்வெட்டைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து யார் வாரியத்தில் உட்காரலாம், யார் கூடாது என்று கேளுங்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் மூலத்துக்குத் திரும்பிப் போங்கள். நெறியாளரிடம் காட்டும்போது அந்தக் கேள்விக்குறிகளை அழித்துவிடாதீர்கள், உங்கள் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறது.