லிஸ்டில் அவன் பெயர்

அன்புள்ள ஐயா,

அரசு வங்கி ஒன்றில் ஸ்கேல் டூ மேனேஜராக இருக்கிறேன். நேற்று மாலை ஸ்கேல் த்ரீ பிரமோஷன் லிஸ்ட் வந்தது. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம், இன்டர்வியூவோடு நான் நின்றுவிட்டேன். அவனுக்கு வட்டார அலுவலகத்தில் கடன் பிரிவு என்கிறார்கள். இனி என் கிளையின் ஃபைல்கள் அவன் மேஜைக்குத்தான் போகும். உழைப்பாளிதான், மார்ச் முழுக்க வராக்கடன் வசூலுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அலைந்தான். ஆனாலும் வயிறு எரிகிறது. இதோடு வாழ்த்துவது போலித்தனம் இல்லையா? எழுதி, அனுப்பாமல் வைத்திருப்பது இது:

"மனமார்ந்த வாழ்த்துக்கள்டா! உண்மையிலேயே ரொம்ப சந்தோஷம். எனக்குக் கிடைக்கலன்னாலும் உனக்குக் கிடைச்சது எனக்கே கிடைச்ச மாதிரி. இனிமே சார்னு கூப்பிடணுமா? ட்ரீட் எப்போ?"

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போலித்தனமா என்ற ஆராய்ச்சியை விடுங்கள். வயிறு எரியாதவர்கள்தான் வாழ்த்தலாம் என்றால் லிஸ்ட் வரும் நாளில் எந்த வங்கியிலும் ஒரு போன்கூட ஒலிக்காது. 'வாழ்த்துகள்' என்பதில் 'க்' வருமா என்ற சண்டைக்கும் இன்று நான் வரவில்லை.

'மனமார்ந்த'. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. திருமண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸுக்கு அது பொருத்தம். தினமும் டீக்கடையில் தோளில் கைபோட்டு நிற்பவனுக்கு 'மனமார்ந்த' என்று எழுதினால், மனதில் வேறு எதுவோ இருப்பதாகத்தான் அவன் படிப்பான். அடுத்து வரும் 'உண்மையிலேயே' இன்னும் மோசம். யாரும் சந்தேகப்படாதபோது ஏன் ஐயா சத்தியம் செய்கிறீர்கள்? 'ரொம்ப', 'நிஜமாவே', மூன்று ஆச்சரியக்குறி எல்லாம் இதே சாதி. வாழ்த்து நம்பும்படி இருக்க வேண்டுமென்றால், அவன் செய்த வேலை ஒன்றைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்த வேலையாக அது இருக்க வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டீர்கள், அவனுக்கு எழுதியதில் விட்டுவிட்டீர்கள்! வயிறு எரிகிறபோதும் அது உண்மைதான் என்பதால், அதை எழுத நீங்கள் நடிக்கவே வேண்டாம்.

'எனக்குக் கிடைக்கலன்னாலும்' வேண்டாம். உங்கள் பெயர் இல்லை என்பதை அவன் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பான். அந்த வரியைப் படித்ததும் தன் சந்தோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு, 'அடுத்த தடவை நீதான்டா' என்று அவன் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். வாழ்த்து அங்கேயே ஆறுதல் கேட்கும் மனுவாகிவிடும்.

'சார்னு கூப்பிடணுமா' என்பதும் அப்படித்தான். சிரிப்பு மாதிரி இருக்கும், உள்ளே முள் இருக்கும். 'கூப்பிடு' என்றும் அவனால் சொல்ல முடியாது, 'வேண்டாம்' என்றும் முடிவாகச் சொல்ல முடியாது. அதைக் கேட்காமலே முடித்துவிடலாம்: வட்டார அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் முதல் நாளிலிருந்தே 'சார்', வாசலுக்கு வெளியே வந்தால் பழைய 'டா'. ட்ரீட்டை மற்றவர்கள் கேட்பார்கள்.

மிஞ்சுவது இவ்வளவுதான்:

"டேய், லிஸ்ட் பார்த்தேன். வாழ்த்துகள்டா. மார்ச்ல ஞாயித்துக்கிழமைகூட நீ வசூலுக்கு அலைஞ்சத கூட இருந்து பார்த்தவன் நான். எப்ப ஜாயின் பண்றேன்னு சொல்லு."

கடைசி வரி முக்கியம். பதிலாக அவன் ஒரு தேதி சொன்னால் போதும், 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை. இதைத் தனிச் செய்தியாக இன்றே அனுப்புங்கள். அதன் பிறகு குரூப்பில் ஒரே வார்த்தை, 'வாழ்த்துகள்'. குரூப்பில் மட்டும் போட்டால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது மாதிரி. இரண்டிலும் மௌனமாக இருந்தால் மூன்றாம் நாள் ஊரே அதைப் பேசும். குரல் நடுங்கும் என்று தோன்றினால் போன் செய்யாதீர்கள், எழுத்து போதும்.

அந்த எரிச்சலுக்குப் போக வேறு இடம் இருக்கிறது. உங்கள் ஆண்டுப் பணி மதிப்பீட்டு அறிக்கையை, அதாவது ஏ.பி.ஏ.ஆரை எடுத்துப் பாருங்கள். அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீடு நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதிப்பெண் குறைவாக இருந்தால் முறையீடு எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் என்பதை உங்கள் வங்கியின் சுற்றறிக்கையில் பாருங்கள். அதில் உங்கள் வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அவன் பெயர் ஒரு வரியில்கூட வரக்கூடாது.

அனுப்பிய பிறகு நீல டிக் வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். இன்று அவன் போனில் உங்களுடையது நாற்பதாவது செய்தியாக இருக்கும். ராத்திரி சாவகாசமாகப் படிப்பான்.