ஜாதகம் நம்பும் மனைவி, நம்பாத கணவர்: எங்கள் வீட்டில் இது எப்படித் தீர்ந்தது

கேள்வி: "என் மனைவி எந்த முடிவு என்றாலும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. இப்போது வேலை மாறுவதிலும் அதே சண்டை. யார் விட்டுக்கொடுப்பது?"

எங்கள் வீட்டில் ஜாதகம் நம்புகிறவள் நான். நம்பாதவர் என் கணவர். கட்டம் போடவும் தசாபுக்தி கணக்கிடவும் எனக்கே தெரியும். அதனால் உங்கள் மனைவி நிற்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜோதிடம் மெய்யா பொய்யா என்ற வழக்கை முதலில் தள்ளி வையுங்கள். நாங்கள் அதைப் பல வருடம் நடத்திப் பார்த்தோம். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் நடத்திய ஒரு சோதனையை என் கணவர் எனக்குப் படித்துக் காட்டினார். படிப்பில் சிறந்த குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆகியோரின் ஜாதகங்களை ஜோதிடர்களிடம் கொடுத்து, எது எந்தக் குழந்தையுடையது என்று கேட்டார்கள். ஆளுக்கு 40 ஜாதகம். பதில் அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் பாதி சரியாக வரும். அந்தக் கணக்கில் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் ஒரு முடிவு வந்தபோது கை தானாகப் பஞ்சாங்கத்தைத் தேடியது. ஆதாரம் காட்டினால் பேச்சில் ஜெயிக்கலாம், உள்ளே இருக்கிற பயம் அதைக் கேட்டு அடங்குவதில்லை.

எங்களுக்குள் நிலைமை மாறியது 2025 ஜூனில், உங்களைப் போலவே ஒரு வேலை மாற்றத்தில்தான். அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் மேஷ ராசி, பரணி நட்சத்திரம். சனி மீனத்துக்கு வந்தால் எனக்கு ஏழரைச் சனி தொடங்கும். அதிலும் முதல் இரண்டரை வருடம் விரயச் சனி. பணம் கரையும், இடம் மாறினால் இன்னும் மோசம் என்று ஒரு ஜோதிடர் சொல்லியிருந்தார். நான் போகவே கூடாது என்று நின்றேன்.

அன்று இரவு அவர் வழக்கம்போலச் சண்டை போடவில்லை. "சரி, சனி எப்போ மாறினார்னு எனக்குக் காட்டு" என்றார். நான் வீட்டிலிருந்த இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்து வைத்தேன். திருக்கணிதத்தில் சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29. வாக்கியத்தில் 2026 மார்ச். அவர் ஒரு கையை அதிலும் இன்னொரு கையை இதிலும் வைத்துக்கொண்டு, "அப்போ உனக்கு ஏழரை ஆரம்பிச்சாச்சா, இன்னும் இல்லையா?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இந்த வித்தியாசம் எனக்கு ஏற்கெனவே தெரியும். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கிரக நிலையைக் கணிப்பது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கோடு திருத்தியது. கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம், கணினியில் கட்டம் போடுபவர்களிடம் பெரும்பாலும் திருக்கணிதம். சனி மெதுவாக நகர்கிற கிரகம், ஒரு ராசியைக் கடக்கவே சுமார் இரண்டரை வருடம். கணக்கில் சில பாகை தள்ளிப்போனால் பெயர்ச்சித் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். தெரிந்திருந்தும் நான் செய்தது என்ன? பயமாக இருக்கும்போது திருக்கணிதம் பார்த்திருக்கிறேன், ஏதாவது செய்ய ஆசை வந்தபோது வாக்கியம் பார்த்திருக்கிறேன். அன்று அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

வாழ்நாளைக் கிரகங்களுக்குக் காலம் காலமாகப் பங்கு பிரிக்கும் தசாபுக்தியிலும் இதே கதைதான். "இந்த புக்தி முடிந்ததும் செய்யலாம்" என்று உங்கள் மனைவி ஒரு தேதி சொன்னால், பிறந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று அன்பாகக் கேளுங்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பரணியில் பிறந்தால் தொடங்குவது சுக்கிர தசை, மொத்தம் 20 வருடம். பிறக்கும்போது சந்திரன் பரணியில் இன்னும் கடக்க வேண்டிய பங்கு எவ்வளவோ, அந்தப் பங்குதான் தசையிலும் மீதி. அதாவது, ஒரு நாள் சந்திர ஓட்டத்தை 20 வருடமாக விரிக்கிறோம். அப்படியானால் பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பிசகினால் தசை முடிவு சுமார் பத்து மாதம் நகரும். பத்து நிமிடம் பிசகினால் சுமார் ஐம்பது நாள். முதல் தசை நகர்ந்தால் அதற்குப் பின்னால் வருகிற எல்லாமே அதே அளவு நகரும். என் பிறந்த நேரம் "விடியற்காலை, பால்காரர் வந்த பிறகு" என்று அம்மா சொன்னதை வைத்து எழுதியது. அதை வைத்துக்கொண்டு, "செவ்வாய்க்கிழமைக்கு முன் கையெழுத்துப் போடாதீங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போய் மனைவியை மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் வேறு ஜோதிடரிடம் போவார், அல்லது உங்களிடம் சொல்லாமல் பார்ப்பார். எனக்கு இது உதவியது, என் கணவர் என்னோடு உட்கார்ந்து பார்த்ததால்தான்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "விரயம்னு சொன்னா உனக்கு எது கண்ணுக்கு முன்னால வருது?" நான் யோசிக்காமல் அப்பா என்றேன். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனது. "அவருக்கு விரயச் சனி" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கூட்டாளியின் கடனுக்கு அப்பா ஜாமீன் போட்டதும் கையில் சேமிப்பே இல்லாததும் எனக்குப் பெரியவளான பிறகு தெரிந்தவை. ஆனால் மனதில் பதிந்தது சனிதான். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 29 வருடம் ஆகிறது. எந்த நேரத்திலும் பன்னிரண்டு ராசியில் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டேதான் இருக்கும், கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு. அத்தனை பேரும் நொடித்துப் போவதில்லை.

ஆக, எனக்கு வேண்டியிருந்தது இரண்டரை வருடம் தள்ளிப்போடுவது அல்ல. அப்பாவுக்கு நடந்தது எங்களுக்கு நடக்காது என்ற உறுதி. அதை எழுதினோம்: ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்த பிறகே கிளம்புவது, யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை, போன இடத்தில் ஒரு வருடம் வாடகை வீடுதான், கடன் வாங்கி எதையும் வாங்குவதில்லை. ஜோதிடம் நம்பாத என் கணவருக்கு இதில் ஒரு வரிகூட உறுத்தவில்லை. எனக்கும் பாதி பயம் அப்போதே இறங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்பதை ஜாதகம் இல்லாமல் இருவரும் பேசி முடிவு செய்வோம். எப்போது செய்வது என்பதில், இரண்டு பேருக்கும் வசதியான நாட்களுக்குள் நாளையும் நேரத்தையும் நான் தேர்வு செய்வேன், அவர் கேள்வி கேட்கமாட்டார். அவர் சேர வேண்டிய தேதிக்கு முன்னால் பன்னிரண்டு நாள் இடைவெளி இருந்தது. அதற்குள் நல்ல நாள் பார்த்தேன், அன்றே கிளம்பினோம். உண்மையில் முகூர்த்தம் என்பதே அதற்குத்தானே. செய்வது என்று தீர்ந்த காரியத்துக்கு நாள் குறிப்பது. இந்த இடைவெளியை முன்கூட்டியே தேதி போட்டு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் "இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம்" என்று காரியமே நின்றுபோகும்.

பஞ்சாங்கம் ஒன்றுதான், அதை முடிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நான் திருக்கணிதத்தை எடுத்துக்கொண்டேன், பயமுறுத்துகிற தேதி அதில் இருந்தும். ஒரு கேள்விக்கு ஒரு ஜோதிடர், ஒரு தடவை. பதில் பிடிக்கவில்லை என்று இன்னொருவரிடம் போவதில்லை. பரிகாரம் என்றால் என் கைச்செலவிலிருந்து, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று இருவரும் ஒப்புக்கொண்ட தொகைக்குள். மருந்து, அறுவைச் சிகிச்சை, பிரசவம் இவற்றில் நாள் நேரம் உட்பட மருத்துவர் சொல்வதுதான். இதில் நான் கடுமையாகவே இருக்கிறேன். நல்ல நேரத்துக்காகச் சிகிச்சையை ஒரு நாள் தள்ளிப்போடுவதுகூடத் தவறு.

நோட்டுப் புத்தகம் ஒன்றும் வைத்திருக்கிறேன். பலன் என்ன, எந்தத் தேதிக்குள், எது நடந்தால் பலித்தது என்று கொள்வது, இந்த மூன்றையும் முன்னாலேயே எழுத வேண்டும். கிளம்பும்போது நான் எழுதியது: "2026 மார்ச்சுக்குள் பெரிய விரயம். சேமிப்பில் பாதிக்கு மேல் போனால் பலித்தது." போன மூன்றாவது மாதம் சலவை இயந்திரம் கெட்டுப் புதிது வாங்க வேண்டியிருந்தது. உடனே "பார்த்தீங்களா, விரயம்" என்று வாயில் வந்துவிட்டது. நோட்டைத் திறந்தேன். பாதிச் சேமிப்புக்கும் அந்தச் செலவுக்கும் எட்டாத தூரம். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் அதையும் சனியின் கணக்கில்தான் சேர்த்திருப்பேன். மார்ச்சில் எடுத்துப் பார்த்தபோது சேமிப்பு குறையாமல் இருந்தது. "பலிக்கவில்லை" என்று நானே எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். அந்த மௌனத்துக்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அன்று ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் நோட்டு அத்தோடு நின்றிருக்கும்.

இந்த ஏற்பாடு எல்லா வீட்டுக்கும் போதாது. உங்கள் மனைவி ஹோரை பார்க்காமல் வாசல் தாண்ட முடியாமல் தவித்தால், தூக்கம் கெட்டால், உங்களுக்குத் தெரியாமல் பரிகாரத்துக்குக் கடன் வாங்கினால், அது நம்பிக்கை வேறுபாடு என்ற அளவைத் தாண்டிவிட்டது. அதற்கு மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும், நீங்களும் கூடப் போக வேண்டும்.

அப்படி இல்லையென்றால், உங்கள் வேலை விஷயத்தில் இன்றைக்கே பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தக் கிரகம், எந்தத் தேதி, அதனால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.