வாயால் சொன்ன வேலை விட்டுப்போகிறது

"எனக்கு ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு இருக்கிறது. மேலாளர் போகிற போக்கில் சொல்லும் வேலைகளில் ஒன்றிரண்டு விட்டுப்போகிறது. வேலை நடுவே யாராவது கூப்பிட்டால் வெடுக்கென்று பதில் வந்துவிடுகிறது. மதிப்பீட்டில் 'அலட்சியம், மரியாதைக் குறைவு' என்று எழுதிவிட்டார். எப்படிப் பேசுவது?"

எனக்கும் இதே கதைதான். கேட்டதை மனதில் பிடித்திருக்கும்போதே இன்னொன்று குறுக்கிட்டால் முதலாவது நழுவிவிடும். அதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அக்கறையின்மையாகத்தான் தெரியும்.

முதலில் 2 வாரம் குறித்து வையுங்கள்: எந்த வேலை விட்டுப்போனது, அது எழுத்தில் வந்ததா, வாயால் வந்ததா. நான் குறித்தபோது விட்டுப்போன 7-இல் 6 வாயால் வந்தவை. அப்புறம் "என்னைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். அதை வைத்து அவரால் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"வாயால் வரும் வேலைகள்தான் எனக்குத் தவறுகின்றன. இனி நீங்கள் சொன்னதும் வேலை, கெடு இரண்டையும் நானே இரண்டு வரியில் அனுப்புகிறேன். சரியா என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாமா?"

எழுதும் சுமை உங்களுடையது என்பதால் மறுப்பது அவருக்குக் கடினம். இவ்வளவுக்கு ஏடிஹெச்டி என்று சொல்லத் தேவையில்லை. தனி இடம், வேலை நேர மாற்றம் போன்றவற்றுக்கு மனிதவளப் பிரிவு மருத்துவச் சான்று கேட்கலாம். அப்போது சொல்வதா என்பது உங்கள் முடிவு.

வெடுக்கென்ற பதிலுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: "இந்த வரியை முடித்துவிட்டு வருகிறேன்." சொன்னால் கட்டாயம் போய்விடுங்கள். நான் ஒருமுறை போக மறந்து, பழைய பெயரே திரும்ப வந்தது.