தம்பியின் கிளையும் தலைமைக் கிளையின் கணக்கும்

கேள்வி: எங்கள் குடும்ப நிறுவனத்துக்கு 14 கிளைகள். இணையத் தேடல் விளம்பரச் செலவையும் அதனால் வரும் தொலைபேசி விசாரிப்புகளையும் கிளைவாரியாகத் தொகுத்து, ஒரு விசாரிப்புக்கு ஆன செலவின்படி மாதந்தோறும் வரிசைப்படுத்துகிறேன். தம்பி நடத்தும் கிளைதான் ஐந்து மாதமாகக் கடைசி. எங்கள் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்களுக்கான விளம்பரம் மட்டும் வசதிக்காகத் தலைமைக் கிளையின் கணக்கில் ஓடுகிறது. மற்றபடி எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தான். போன கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பட்டியலைக் காட்டினேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. அந்தக் கிளையை மூடிவிடலாமா? போன மாதக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: "வசதிக்காக" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் பட்டியல் முழுவதும் அந்தச் சொல்லால்தான் கோணிப் போயிருக்கிறது.

உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து தேடுகிறவர் ஏற்கெனவே உங்களை அறிந்தவர். அவரை அழைக்க வைக்க அதிகம் செலவாகாது. பொருளின் பொதுப்பெயரை மட்டும் தேடுகிறவரைப் போட்டியாளர்களும் விலை கொடுத்து அழைப்பதால், அவருக்காகும் செலவு பல மடங்கு. முதல் வகையினரை, அவர்கள் எந்தக் கிளையின் பக்கத்தில் வசித்தாலும், தலைமைக் கிளையின் கணக்கில் வைத்துவிட்டு, இரண்டாம் வகையினரை மட்டும் தம்பிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதன்பின் இரு கிளைகளையும் ஒரே தராசில் நிறுத்தியதை ஒரே அளவுகோல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நீங்கள் அனுப்பிய எண்களையே பாருங்கள். தலைமைக் கிளை 30,000 செலவழித்து 300 விசாரிப்புகளைப் பெற்றிருக்கிறது, ஒன்றுக்கு 100. தம்பியின் கிளை 12,000 செலவழித்து 60 பெற்றிருக்கிறது, ஒன்றுக்கு 200. இனித் தலைமைக் கிளையின் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். பெயர்த் தேடலுக்கு 6,000 செலவாகி 200 விசாரிப்புகள் வந்திருக்கின்றன, ஒன்றுக்கு 30. மீதி 24,000 பொதுத் தேடலுக்குப் போய் 100 வந்திருக்கின்றன, ஒன்றுக்கு 240. ஒரே வகை வேலையில் ஒரு விசாரிப்புக்கு உங்கள் தம்பி செலவழித்தது தலைமைக் கிளையைவிடக் குறைவு. அவரைத்தான் எல்லார் முன்னிலையிலும் தலைகுனிய வைத்தீர்கள்.

இதை வைத்துத் தம்பியின் கிளையே சிறந்தது என்றும் சொல்லிவிடக் கூடாது. 60 விசாரிப்புகள் என்பது சிறிய எண். எதுவுமே மாறாவிட்டாலும் அது ஒரு மாதம் 45 ஆகவும், மறு மாதம் 75 ஆகவும் ஏறி இறங்கக்கூடும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் இந்த ஊசலாட்டத்தின் அளவு தோராயமாகக் கிடைக்கும். மாதந்தோறும் வரிசை போடும்போது, சிறிய கிளைகள் உச்சிக்கும் அடிக்கும் போய்வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உங்கள் தம்பி ஐந்து மாதமும் அடியிலேயே நின்றது ஊசலாட்டத்தால் மட்டும் அல்ல, நீங்கள் வகுத்த பிரிவினையாலும்தான்.

நலிந்த கிளையைக் கண்டறிய வேண்டும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு வரிசை வேண்டாம். ஒவ்வொரு கிளையிடமும் அதன் நிலைக்கேற்ப எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிடுங்கள். 14 கிளைகளின் பொதுத் தேடல் செலவு முழுவதையும் கூட்டி, விசாரிப்புகளின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கிளைவாரியான விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், 5 விசாரிப்புகள் வந்த கிளைக்கும் 100 வந்த கிளைக்கும் ஒரே எடை கிடைத்துவிடும். மொத்தச் செலவை மொத்த விசாரிப்புகளால் வகுத்ததில் ஒன்றுக்கு 190 வந்தால், 12,000 செலவழித்த கிளையிடம் எதிர்பார்க்க வேண்டியது சுமார் 63. தம்பிக்கு வந்த 60 அதற்கு அருகிலேயே இருக்கிறது. 63-இன் ஊசலாட்டம் ஏறத்தாழ 16 என்பதால், அதே செலவில் 47-க்குக் கீழே போய் அடுத்தடுத்த மாதங்களிலும் அங்கேயே நிற்கும் கிளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெயர்த் தேடலுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அதற்கு முன், தேடியவர் இருந்த இடத்தின்படி அந்த 200 விசாரிப்புகளையும் அவற்றுக்கான செலவையும் கிளைகளுக்குப் பங்கிட்டாக வேண்டும். திறந்து சில மாதங்களே ஆன கிளைகளைத் தனியே வையுங்கள். அவற்றின் பெயர் இன்னும் பரவவில்லை.

அதன் பிறகும் ஒரு கிளை சந்தேகத்துக்குள்ளானால், ஏற்கப்படாத அழைப்புகள் எத்தனை என்று முதலில் பாருங்கள். விசாரிப்பு வரையில்தான் விளம்பரத்தின் பொறுப்பு. அதற்கப்பால் நடப்பதை உங்கள் பட்டியல் காட்டவே காட்டாது.

கிளையை மூடுகிற பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். குடும்பத் தொழிலில் கணக்கெழுதும் மூத்தவருக்குத் தம்பியின் பங்கைச் சரியாக எழுதுவதுதான் முதல் கடமை, தொழில் பெருகுவது அதற்கடுத்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம். திருத்திய கணக்கை முதலில் அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில், அன்று இருந்த அதே ஆட்களின் முன்னிலையில், பட்டியல் தவறு என்றும் அதைப் போட்டவர் நீங்கள்தான் என்றும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.